இரண்டு புள்ளி ஐந்து

எங்கள் தெருத் தச்சனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவன் புள்ளிதான். அவன் கட்டைவிரலே என் மணிக்கட்டுப் பருமன். போனில் ஓர் எழுத்தை அழுத்தினால் பக்கத்து வீட்டு எழுத்தும் கூடவே எழுந்து வரும். போதாக்குறைக்கு நகக்கண்ணெல்லாம் பசை. அதனால் எதையும் வாயால் சொல்லித்தான் எழுதுவான். சொல்லும்போது கமா, புள்ளி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்வான். பழக்கம் முற்றி, நேரில் பேசும்போதும் வந்துவிடும். "டீ சொல்லுண்ணே புள்ளி" என்பான்.

போன் தமிழில் அந்தக் குறியைப் போடாது, சொல்லையே எழுதிவைக்கும். இவன் பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு 'புள்ளி'யையும் அழித்துக் குறி வைப்பான். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்குவான்.

நான் கண்ணாடி வெட்டுகிறவன். வாய்ச்சொல்லில் அளவு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, எங்கள் பட்டறையில் மெயிலில் வந்தால்தான் வெட்டுவோம்.

அவன் மனைவி தையற்கடை திறப்பதாக இருந்தாள். பத்து வருடம் அடுத்தவர் கடையில் பொத்தான் தைத்தவள். புதன் காலை திறப்பு. துணி வைக்கும் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டுத் தருகிறேன் என்று புருஷன் வாக்குக் கொடுத்திருந்தான். ஊருக்கெல்லாம் அலமாரி செய்தவன், வீட்டுக்காரிக்குச் செய்த முதல் சாமான் அது.

திங்களன்று அவன் மெயில் வந்தது. "கண்ணாடிக் கதவு 2.5 அடி உயரம், ஒன்றேகால் அடி அகலம். ஓரம் தேய்க்கணும்." குறியெல்லாம் சுத்தம். எத்தனை என்று இல்லை. கேட்டிருக்கலாம். அலமாரி என்றால் ஜோடிதானே என்று இரண்டு வெட்டி, ஓரம் தேய்த்து, செவ்வாய் காலை நானே கடைக்குக் கொண்டுபோனேன்.

அலமாரி வாசல் ஐந்து அடி. நான் கொண்டுபோனது அதில் பாதி.

"என்னண்ணே, சன்னல் கொண்டாந்திருக்கே?" என்றான்.

"நீ கேட்டதுதான்டா. பாரு" என்று மெயிலைக் காட்டினேன்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே! கதவு இரண்டு, புள்ளி. ஐந்து அடி உயரம்…" பாதியில் நின்றுவிட்டான். முகம் செத்துவிட்டது.

இரண்டு எண்ணுக்கு நடுவில் 'புள்ளி' வந்ததும் போன் அதைக் கணக்காக எடுத்துக்கொண்டு 2.5 ஆக்கிவிட்டது. மற்ற புள்ளியெல்லாம் எழுத்தாய்க் கிடந்தன, இவன் தேடித் தேடித் திருத்தினான். இது ஏற்கெனவே குறியாய் உட்கார்ந்திருந்ததால் கண்ணில் படவே இல்லை. களையெல்லாம் பிடுங்கியவன், பயிர் மாதிரி நின்ற களையை விட்டுவிட்டான்.

"கண்ணாடியை வெட்டலாம்டா. இழுக்க முடியாது" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "நாளைக்குப் பத்து மணிக்கு ஜனம் வருது. மொட்டை அலமாரியைக் காட்டவா?"

"நான் ஒரு மடையன்" என்றான்.

"அது கடைசியில பாத்துக்கலாம். அண்ணே, இது ரெண்டும் கீழ்ப்பாதிக்குச் சரியா வருமா?"

வரும். ஐந்தில் பாதி இரண்டரை. எனக்கே அப்போதுதான் உறைத்தது. நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்று அடித்தால் மேலே இன்னொரு ஜோடி மாட்டலாம்.

"சட்டம் ஒரு அங்குலம். மேல்கதவுல அதைக் குறைக்கணும்" என்றான் புள்ளி. உயிர் திரும்பிவிட்டது.

"அளவை எழுதிக் குடு, மத்தியானமே வெட்டறேன்."

"இங்கதானே நிக்கறே, காதுல வாங்கிக்கயேன்."

"மெயில்ல வரட்டும்."

அவன் போனை எடுக்கப் போனான், அவள் பிடுங்கிக்கொண்டாள். "மேல்கதவு எண்ணிக்கை இரண்டு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போகும் பொத்தானை விரலால் தட்டினாள். "உயரம் இரண்டு அடி ஐந்து அங்குலம்." மறுபடி தட்டினாள். "அகலம் ஒன்றேகால் அடி." பிறகு எழுதியதை உரக்கப் படித்தாள். 'மேல்கதவு' என்பது 'மெல்ல கதவு' என்று விழுந்திருந்தது. அதைத் திருத்தி, இன்னொரு முறை படித்துத்தான் அனுப்பினாள்.

"ஒரு புள்ளிகூட இல்லையே" என்றான் இவன்.

"வீட்டுல ஒண்ணு இருக்கறதே போதும்" என்றாள்.

மாலைக்குள் நாலு கதவும் ஏறிவிட்டன. அளவு மயிரிழை பிசகவில்லை. மறுநாள் வந்தவர்கள் எல்லாம், ஒரே கதவாக இல்லாமல் மேலே தனி கீழே தனியாகத் திறப்பது நல்ல யோசனை என்றார்கள். புள்ளி மூச்சே விடவில்லை.

அன்று மதியம் எனக்கு ஒரு செய்தி வந்தது. "ரொம்ப நன்றி அண்ணே புள்ளி." திருத்த மறந்துவிட்டானா, கையெழுத்துப் போட்டானா தெரியவில்லை. கேட்கவும் இல்லை.