பாகூருக்கு ஒரு சோடா ஏஜெண்ட்

வில்லியனூரில் பன்னீர் சோடா கம்பெனி நடத்துகிறேன். முதன்முதலாகப் பாகூர் பக்கம் விற்க, அங்கே மளிகை மொத்தக்கடை வைத்திருந்தவரை ஏஜெண்டாக நியமித்தேன். அவர் கடையிலேயே ஒப்பந்தத்தை வாசித்தேன்: சரக்கு இறங்கியதும் பணம், மாதம் இருநூறு பெட்டி இலக்கு, வேறு கம்பெனி சோடாவை அவர் விற்கக்கூடாது, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து எல்லைக்குள் என் சோடாவை அவர் மட்டுமே விற்கலாம், ஜூலை ஒன்றாம் தேதி மறுபரிசீலனை.

"வேற யாரும் உள்ள கொண்டாரவே கூடாதுன்னு எழுதுங்க சார்," என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் பனித்திட்டில் மச்சினிச்சிக்கு வளைகாப்பு. நான்கு பெட்டி சோடாவோடு ஆட்டோவில் போய் இறங்கினேன். மாமியார் ஏஜெண்டையும் அழைத்திருந்தார் போலும், அவர் வாசலிலேயே நின்றார்.

"இன்னா சார், என் ஏரியாவுல சரக்கு எறக்குறீங்க?"

"மாமியார் வூட்டுக்குப்பா!"

"மாமியார் வூடும் பாகூர் கொம்யூன்தான சார்?"

பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரிடமே நான்கு பெட்டி வாங்கினேன், சில்லறை விலைக்கு. மாமியார் சிரித்த சிரிப்பில் வளையல் அடுக்கிய தட்டே ஆடியது.

ஜூலையில் பார்த்தால் எல்லா மாதமும் இலக்கைத் தாண்டியிருந்தார். மறுபேச்சில்லாமல் ஒரு வருடம் நீட்டித்தேன். அடுத்து திருக்கனூருக்கு ஆள் தேடுகிறேன். அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை.