டெபாசிட் என்றார்கள், நன்கொடை என்று எழுதினார்கள்

பெரியப்பா முடிவு செய்த பிறகுதான் எனக்குச் சொன்னார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் பீளமேட்டில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். என் அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் பெரியப்பாவும் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குக் குடியிருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் பெரியப்பாதான் இன்சுலின் ஊசி போடுவார். அந்த வருஷம் பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடந்தாலும், ஆள் துணை இல்லாமல் குளிக்க முடியாது. பெரியப்பாவுக்கும் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது.

"ஊசியில இருக்கற கோடு தெரிய மாட்டேங்குது அம்மிணி. நேத்து எவ்வளவு போட்டேன்னே எனக்குத் தெரியல. அவளைக் கொன்னுபோடுவேனோன்னு பயமா இருக்குது. பணம் வாங்கிட்டுப் பாத்துக்கற நல்ல ஹோமா ரெண்டு மூணு விசாரிச்சுச் சொல்லு" என்றார்.

"எங்க ஊட்டுக்கு வந்துருங்க பெரிப்பா."

"உன்ற ஊடு மாடியில இருக்குது. இவளைப் படியில யாரு தூக்கறது? நீ காலையில எட்டு மணிக்கு வேலைக்குப் போயிருவே."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

சொந்தக்காரர்களுக்குச் சேதி தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து என்னைத்தான் பிடித்தார்கள். அன்னூரிலிருந்து வந்த தாய்மாமன் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, "நம்ம சனத்துல யாராச்சும் இப்படிச் செஞ்சிருக்காங்களா?" என்று கேட்டார். "நீங்க ஒரு மாசம் வெச்சுப் பாத்துக்கறீங்களா மாமா?" என்றேன். காப்பியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று முதியோர் இல்லங்களைப் பார்த்தோம். முதலாவது ஈரோட்டுப் பக்கம். கட்டணம் கிடையாது, டெபாசிட்டும் கிடையாது. ஆனால் யாருமற்றவர்களுக்குத்தான் முதலிடம். தவிர, ஆண்கள் கூடம் தனி, பெண்கள் கூடம் தனி. "நாற்பத்தஞ்சு வருஷம் ஒண்ணா இருந்தாச்சுங்க. இப்பப் பிரிஞ்சு இருக்கறதுக்கு இவ்வளவு தூரம் வரோணுமா?" என்று பெரியப்பா அந்த மேலாளரிடம் மரியாதையாகவே கேட்டார். அந்த மனிதர் வருத்தத்தோடு கைகூப்பினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருப்பதை இருக்கிறது என்று சொன்னவர் அவர்.

இரண்டாவது, கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில். வாசலில் புல்தரை, அதில் வெள்ளை நாற்காலிகள். மேலாளர் அச்சடித்த கட்டணத் தாளைக் கொடுத்தார். ஆறு கட்டில் போட்ட பொதுக்கூடம் ஆளுக்குத் தொள்ளாயிரம், டெபாசிட் பதினைந்தாயிரம். இருவர் பங்கிடும் அறை ஆளுக்கு ஆயிரத்து நானூறு, டெபாசிட் இருபத்தைந்தாயிரம். குளியலறையோடு சேர்ந்த தம்பதியர் அறை இருவருக்கும் சேர்த்து மூவாயிரத்து இருநூறு, டெபாசிட் அறுபதாயிரம். அதன் கீழே, 'வருடத்துக்குப் பத்து சதவீதம் கழித்து மீதி திரும்பத் தரப்படும்; மருத்துவ வசதியும் சைவ உணவும் உண்டு' என்று இருந்தது.

மூன்றாவது அன்னூர் ரோட்டில், ஓட்டுக் கட்டடம். தம்பதியர் அறைக்கு மாதம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம், டெபாசிட் இருபதாயிரம். புல்தரையும் இல்லை, வெள்ளை நாற்காலியும் இல்லை. பெரியப்பா வெளியே வந்ததும், "மாசம் எழுநூறு ரூபா அதிகம் கண்ணு. மலையடிவாரமே போதும்" என்றார். மறுநாளே முன்பணம் கட்டிவிடும் வேகத்தில் இருந்தார்.

'மருத்துவ வசதி உண்டு' என்ற அந்த ஒரு வரிதான் எனக்கு நெருடியது. ஆபீசில் எதை டைப் செய்தாலும் எத்தனை, எப்போது, யார் பொறுப்பு என்று வரி வரியாகக் கேட்கிறவர்களிடம் வேலை பார்த்துப் பழகியவள் நான். அடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, ஒரு நோட்டோடு மறுபடியும் மலையடிவாரத்துக்குத் தனியாகப் போனேன்.

"டாக்டர் எப்ப வருவாருங்க?"

"வாரம் ஒருக்கா வருவாருங்க மேடம்."

"இன்சுலின் ஊசி யாரு போடுவாங்க?"

"நர்ஸ் இருக்காங்க. ஒரு ஊசிக்கு அஞ்சு ரூபா."

"ராத்திரி நர்ஸ்?"

"ராத்திரி வாட்ச்மேன் இருப்பாரு. போன் பண்ணுவாரு."

"சர்க்கரைக்காரங்களுக்குச் சாப்பாடு?"

"சப்பாத்தி, கோதுமைக் கஞ்சி வேணும்னா மாசம் இருநூறு தனிங்க. குளிக்க வைக்க ஆயா வேணும்னா நானூறு."

அங்கேயே நின்று எழுதிக் கூட்டினேன். ஊசி மாதம் முந்நூறு. மொத்தம் நாலாயிரத்து நூறு. அன்னூர் ரோட்டில் போன வாரமே கேட்டிருந்தேன்: டாக்டர் வாரம் இரண்டு முறை, இரவிலும் நர்ஸ், மருந்துக்கு மட்டும் நம் காசு, ஊசி போடக் கட்டணம் இல்லை, சர்க்கரைச் சாப்பாடு கட்டணத்திலேயே சேர்த்தி, குளிக்க வைக்கும் ஆளுக்கு மட்டும் நூறு. ஆக நாலாயிரம். இதில் டெபாசிட் வேறு இருக்கிறது. அறுபதாயிரத்தை பாங்கில் போட்டால் அன்றைக்குப் பன்னிரண்டு சதவீத வட்டியில் மாதம் அறுநூறு வரும். இருபதாயிரத்துக்கு இருநூறுதான் போகும். அந்த வட்டி நட்டத்தையும் கூட்டினால், மலிவென்று நாங்கள் நினைத்தது மாதம் ஐந்நூறு ரூபாய் அதிகம். ஒரு வரியில் ஏன் இதையெல்லாம் எழுதவில்லை? கேட்கிற நிலையில் வயசானவர்கள் இருக்க மாட்டார்கள் என்ற தைரியம்தானே?

கோபத்தோடு திரும்பியபோது பொதுக்கூடத்தின் வாசலில் இருந்த ஒரு அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டார். எழுபது வயதிருக்கும். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம்.

"ஏனுங்க அம்மிணி, நோட்டுப் போட்டு விசாரிக்கறீங்களே. டெபாசிட்டுக்கு ரசீது எப்படித் தருவாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. டீச்சர் கட்டிலுக்கடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ரூபாய் ஐம்பதாயிரம். 'நன்கொடையாக நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்' என்று அச்சாகியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் அவர் வீட்டுக்காரரும் தம்பதியர் அறைக்குக் கட்டிய பணம் அது. அறைவாசலில் துளசிச்செடி வைத்துக் குடியிருந்திருக்கிறார்கள். எட்டு மாதத்துக்கு முன் வீட்டுக்காரர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பி வந்தபோது, டீச்சரின் சாமான்களைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்களாம். தம்பதியர் அறை தம்பதியருக்குத்தான் என்றார்களாம்.

"மேனேஜர்கிட்ட டெபாசிட்டைக் கேட்டேனுங்க. 'நன்கொடையைத் திருப்பிக் கேப்பாங்களா டீச்சர்'னு சிரிச்சாரு. அதோட, கூடத்துக்குன்னு புதுசா பதினஞ்சாயிரம் கட்டச் சொன்னாரு. பென்ஷன்ல மிச்சம் புடிச்சு வெச்சதைக் கட்டிப்போட்டேன். வேற எங்க போறதுங்க?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பேனோ என்னவோ. காகிதத்தை மடித்து மடித்து விரலால் நீவிக்கொண்டே இருந்தார். புருஷனைப் பறிகொடுத்த பதினாறாம் நாள் ஒரு பெண்ணின் துணிமணியை அள்ளிக் கூடத்தில் போட்டவர்கள், வாசலில் 'அன்பு' என்று எழுதிப் பலகை மாட்டியிருந்தார்கள்.

"சேரும்போது உங்களுக்கும் கட்டணத் தாள் கொடுத்தாங்களா?"

கொடுத்திருந்தார்கள். அதே பெட்டியில் பத்திரமாக இருந்தது. தம்பதியர் அறைக்கு டெபாசிட் ஐம்பதாயிரம், பத்து சதவீதம் கழித்து மீதி திரும்பத் தரப்படும் என்ற அதே வாசகம், செயலாளரின் கையெழுத்தோடு. ரசீதில் இருந்த தேதியும் சேர்க்கை விண்ணப்பத்தில் இருந்த தேதியும் ஒன்று. அந்த மூன்று காகிதங்களையும் டீச்சரின் சம்மதத்தோடு நகல் எடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து, டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டு டீச்சர் பேரில் செயலாளருக்கு என் சொந்தத் தாளில் கடிதம் டைப் செய்தேன். நன்கொடை கொடுக்கிறவர், கட்டணத் தாளில் போட்ட அதே தொகையை, சேருகிற அதே நாளில் எப்படிக் கொடுத்தார் என்று கேட்டேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் மன்றத்தில் மனுக் கொடுப்போம் என்று கடைசி வரியில் எழுதினேன். டீச்சர் மணிமணியான எழுத்தில் கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

பத்து நாளில் மேலாளர் என்னை வரச் சொன்னார். பெரியப்பாவும் கூட வந்தார்.

"தர்ம ஸ்தாபனத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கறீங்களே மேடம். இந்த அம்மாவுக்கு நீங்க என்ன உறவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா எழுந்து நின்றார். மில்லில் நூறு பேரை மேய்த்த குரல் அது. பல வருஷமாக நான் கேட்டதில்லை.

"தர்மம்னா காசு வாங்கப்படாதுங்க. காசு வாங்குனா கணக்குச் சொல்லோணுமுங்க. நாளைக்கு நான் செத்தா என்ற சம்சாரத்தையும் கூடத்துக்குத் தூக்கிப் போட்டிருப்பீங்க இல்லீங்களா? அதுக்குத்தானுங்க அறுபதாயிரம் கேட்டீங்க?"

மேலாளர் கமிட்டியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கமிட்டி கூட இரண்டு மாதம், ஆடிட்டரைக் கேட்க ஒரு மாதம், செயலாளர் வெளியூர் போனதில் ஒரு மாதம். இதற்கிடையில் கூடத்தில் டீச்சரோடு பேசுவதற்கே மற்றவர்கள் பயந்தார்களாம். மன்றத்தில் கொடுக்க மனு தயாராகிவிட்டது என்று இரண்டாவது கடிதம் எழுதிய பிறகுதான் செக் வந்தது. ஐம்பதாயிரத்தில் இரண்டு வருஷத்துக்குப் பத்தாயிரம் கழித்து நாற்பதாயிரம். கூடத்துக்குக் கட்டிய பதினைந்தாயிரத்திலும் ஒரு வருஷக் கழிவு என்று ஆயிரத்து ஐந்நூறு பிடித்திருந்தார்கள். கூடவே, இடத்தைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் அதற்கு முன்பே அன்னூர் ரோட்டு இல்லத்தில் சேர்ந்திருந்தார்கள். பணம் கட்டுவதற்கு முன் ரசீதை வாங்கிப் பார்த்தேன். 'திரும்பத் தரப்படும் வைப்புத்தொகை' என்று இருந்தது. ஒருவர் இல்லாமல் போனால் மற்றவர் அதே அறையில் இருக்கலாம், விரும்பினால் இன்னொரு பெண்மணியோடு பங்கிட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதி வாங்கினேன். அதை எழுதச் சொன்னபோது பெரியம்மா என் கையை அழுத்தினார். வாழ்கிறவர்கள் எதிரில் சாவைப் பற்றி எழுதி வாங்குவது எனக்கும் கூசத்தான் செய்தது.

டீச்சர் அங்கேயே ஒரு இருவர் அறையில் சேர்ந்தார். பெரியம்மாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார். மூன்று வருஷம் கழித்து பெரியப்பா மாரடைப்பில் இறந்தார். காரியம் முடித்துப் பெரியம்மாவைத் திரும்பக் கூட்டிப்போனபோது, அறை அப்படியே இருந்தது. பெரியப்பாவின் கண்ணாடி மேசைமேல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. சில வாரங்களில் டீச்சர் பக்கத்துக் கட்டிலுக்கு மாறினார். செலவு இருவருக்கும் குறைந்தது.

துக்கம் கேட்க வந்த அதே மாமன், "கடைசியில ஹோமுலதானே செத்தாரு" என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னார். அழுதுகொண்டிருந்த நான் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்தேன். "ஆமாங்க மாமா. நெஞ்சு வலின்னு சொன்னதும் ஓடி வர்றதுக்கு அங்க ராத்திரியிலயும் ஒரு நர்ஸ் இருந்தா. கடைசி வரைக்கும் பெரியம்மாவோட கையைப் புடிச்சுக்கிட்டு ஒரே அறையில இருந்தாரு" என்றேன். பெரியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.