காருக்குத் தமிழ் தெரியும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் துரத்திவிட்டது. ஆனாலும் நான் காரோடு இங்கிலீஷில் பேசுவேன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி முதலாளியின் கார் அது; நான் அவருக்கு டிரைவர். ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்திச் சொன்னால் பாட்டு, ஏசி, போன் எல்லாம் நடக்கும். முதலாளி சொல்வதைக் கேட்டுக் கேட்டு நாலு வாக்கியம் கிளி மாதிரிப் பாடம் பண்ணியிருந்தேன்.

போன வருசம் என் மனைவிக்கு உடம்பு முடியாமல் போய், வாராவாரம் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முதலாளி காரைக் கொடுத்தார். மருந்து ஏறின உடம்பு. திரும்பும்போது அவளுக்குக் குளிரும்.

"ஏங்க, குளிருதுங்க."

"இரு, இங்கிலீஷ்ல சொல்றேன் பாரு."

பொத்தானை அழுத்தி, "இன்கிரீஸ் டெம்ரேச்சரு" என்பேன். காருக்குப் புரியாது. மறுபடி சொல்வேன். மறுபடியும் புரியாது.

"இதுக்குத் தமிழு தெரியாதாங்க?"

"காருக்கு எப்படிடீ தமிழ் தெரியும்? இது பெரிய எடத்துப் பொருளு."

அவள் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். ஏசியைக் கையால் திருகியிருந்தால் ஒரு நொடி வேலை. எனக்கு மிஷினை ஜெயிக்கணும். பண்ருட்டி வரைக்கும் ஜெயிக்கவே இல்லை. "உங்க இங்கிலீஷைக் கேட்டா அதுக்கே குளிருது" என்பாள்.

தை மாசம் அவள் போய்விட்டாள்.

சித்திரையில் காரைப் புதுச்சேரியில் சர்வீஸுக்கு விட்டேன். சர்வீஸ் பையன் திரையைத் தட்டிக்கொண்டே கேட்டான். "தமிழ்ல மாத்தட்டுமாண்ணே?"

"தமிழ் இப்பதான் வந்துச்சாப்பா?"

"வாங்கும்போதே இருக்குதுண்ணே. செட்டிங்ஸ்ல லாங்குவேஜ்னு இருக்குது பாருங்க."

அந்தப் பக்கத்தை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அது சுவரில் எறும்பு ஊர்ந்த மாதிரி.

"எழுத்துக்கு ஒண்ணு, பேச்சுக்கு ஒண்ணு, ரெண்டையும் தனித்தனியா மாத்தணும். அப்புறம் சுத்தத் தமிழெல்லாம் வேணாம். ஏசி, மேப்புன்னு கலந்தே பேசுங்க, புரிஞ்சுக்கும்."

பொத்தானை அழுத்தி அவனே பேசிக் காட்டினான். "ஏசி டெம்பரேச்சர் இருபத்தி நாலு வை." வைத்தது. "இன்னும் சுளுவா பாருங்கண்ணே" என்று மறுபடி அழுத்தினான்.

"எனக்குக் குளிருது."

காரில் ஒரு பெண் குரல், "சரி, வெப்பநிலையைக் கூட்டுறேன்" என்றது. திரையில் எண் ஏறியது.

நான் டீ குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

திரும்பி வரும்போது பண்ருட்டி தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். அக்கினி வெயில். பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

"அவளுக்குக் குளிருது."

கூட்டுறேன் என்றது. மறுபடி சொன்னேன். மறுபடியும் கூட்டியது. ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. சட்டை முழுக்க வேர்வையில் நனைந்து, வெளியே அனல், உள்ளேயும் அனல். முழு முட்டாள் மாதிரி உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன்.