விளக்கேற்றிய பின் வந்த அழைப்புகள்

பாகூரில் எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. அரிசி தீர்ந்திருந்தால் ‘அரிசி வாங்கணும்’ என்றுதான் என் மனைவி சொல்வாள். பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பழகிவிட்டேன். பிறகு அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அந்தப் பெண் எப்போதும் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவாள். காப்பீட்டு ஏஜெண்டு. “சார், சாப்டீங்களா? நீங்க எங்க அப்பா மாதிரி” என்று ஆரம்பிப்பாள். வங்கியில் சும்மா கிடக்கும் டெபாசிட்டை எடுத்து பாலிசியில் போடச் சொல்வாள். எனக்கு அது தேவையில்லை என்பது முதல் நாளே தெரியும். நான் சொன்னதோ, “பாக்கலாம்மா.”

மறுநாளும் அழைப்பு வந்தது. டெபாசிட் முதிர இன்னும் நாளாகும் என்றேன். எப்போது முதிரும் என்று கேட்டுக்கொண்டாள். சர்க்கரை வியாதி என்றேன். அதற்கும் ஒரு திட்டம் வைத்திருந்தாள். நான் சொன்ன ஒவ்வொரு காரணமும் அடுத்த அழைப்புக்குக் கதவு திறந்துவிட்டது. ஒரு எண்ணை எடுக்காமல் விட்டால் வேறு எண்ணிலிருந்து அதே குரல் வரும்.

“அத்தினி பசங்கள மிரட்டுன வாத்தியாரு, ஒரு பொண்ணுகிட்ட வாணாம்னு சொல்ல வாய் வரலியா?” என்று மனைவி சிரித்தாள்.

“நீதான் வெளக்கு வச்சா சொல்லக் கூடாதுன்ற.”

“வெடிய வெடியவா எரியுது வெளக்கு? காலைல கூப்ட்டு சொல்லுங்களேன்.”

காலையில் நான் கூப்பிடவில்லை.

ஒரு நாள் அவளே வழி காட்டினாள். “உங்களுக்கு வேணான்னா பரவால்ல சார். தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நம்பர் கொடுங்க. உங்கள தொந்தரவு பண்ணமாட்டேன்.” சோரியாங்குப்பத்தில் இருக்கும் என் தங்கையின் எண்ணைச் சொன்னேன். தங்கையின் கணவர் திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனியில் வேலை பார்த்து இறந்துபோனவர். கம்பெனி கொடுத்த பணம் டெபாசிட்டில் இருந்தது. மாதாமாதம் வரும் வட்டியில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

அன்றோடு என் கைபேசி அடங்கியது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

சில வாரம் கழித்துத் தங்கை பேசினாள். “அண்ணே, நீ சொல்லி அனுப்புன பொண்ணு வந்துச்சி. டெபாசிட்ட ஒடச்சி செக்கு குடுத்துட்டேன். ஒரே தடவ கட்டுனா போதுமாம். ஆபீஸ்லேர்ந்து போன் வருமாம், எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லிடணுமாம்.”

மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருட்டிக்கொண்டு வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் அந்த அழைப்பு வந்துவிடும் என்றே தோன்றியது.

அவள் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினாள். “இன்னாண்ணே, இந்நேரத்துல?” என்று கேட்கும்போதே போன் அடித்தது. காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டாள். காப்பீட்டுக் கம்பெனியின் தலைமை அலுவலகம். இந்த உரையாடல் பதிவாகிறது என்றது குரல். பெயரைச் சொல்லிச் சரியா என்று கேட்டது, ஆமாம் என்றாள். முகவரியைப் படித்துக் காட்டியது, ஆமாம் என்றாள்.

“இதே தொகையைப் பத்து வருஷம், வருஷா வருஷம் கட்டணும்னு உங்களுக்கு விளக்கிச் சொன்னாங்களா?”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சரி என்றால் சரி என்பாள். அப்படித்தான் அவள் வளர்ந்தாள். நான் பேசாமல் இருந்தால் அவள் ஆமாம் என்றுவிடுவாள் என்றும் தெரிந்தது. ஒரு கணம் பேசாமல்தான் இருந்தேன்.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?”

“அது நல்லதா கெட்டதான்னு நான் பாக்கவே இல்ல,” என்றேன் தங்கையிடம். “அவ என்ன உட்டா போதும்னு உன் நம்பர குடுத்தேன்.”

அவள் முகம் மாறவில்லை. போனை வாயருகே கொண்டுபோனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அப்பிடி யாரும் சொல்லலம்மா. எனக்கு இந்த பாலிசி வேணாம். செக்கு பணத்த திருப்பி அனுப்பிடுங்க. வெச்சிடறேன்.”

அவ்வளவுதான். கோபமில்லை, காரணமில்லை, ‘பாக்கலாம்’ இல்லை. மறுநாள் அந்தப் பெண் அழுதபடி கூப்பிட்டபோதும் அதே வார்த்தைகளைச் சொன்னாளாம். பாலிசி வரவில்லை, பணம் கொஞ்ச நாளில் வங்கிக்குத் திரும்பியது.

நான் இப்போது வாரம் ஒருமுறை தங்கைக்குப் போன் செய்கிறேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுப்பாள். அண்ணி சுகமா என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே வரட்டுமா என்று கேட்பேன்.

“பாக்கலாம்ணே,” என்பாள்.