நான்கைத் தொடாத தடுப்புகள்

மெல்பேர்னில் பந்தய நிறுவனம் ஒன்றில் கால்பந்துப் பந்தயங்களுக்கு விலை போடுவது என் வேலை. கோல்கீப்பர் எத்தனை பந்துகளைத் தடுப்பார் என்ற பந்தயம் என் பொறுப்பில் இருந்தது. அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைவிட, எதிரணி எத்தனை முறை பந்தை அடிக்கும் என்பதே அதில் முக்கியம். எதிரணி பதினைந்து முறை அடிக்கும் என்று கணித்தால், ஐந்தளவில் கோலை நோக்கி வரும். அதில் ஒன்றோ இரண்டோ கோலாகும், மிச்சம் தடுப்பு. அந்தச் சனிக்கிழமை சிறிய லீக் ஆட்டமொன்றுக்கு அப்படித்தான் பந்தயக் கோட்டை மூன்றரையில் வைத்திருந்தேன்; தடுப்புகள் அதற்கு மேலா, கீழா என்று ஆட்கள் பணம் கட்டுவார்கள்.

மதியம், புதிதாகத் திறந்த சில கணக்குகள் அடுத்தடுத்து ‘மூன்றரைக்குக் கீழ்’ என்று கட்டின. யாரும் எட்டிப் பார்க்காத ஆட்டம் அது. வருகிற பந்தை வேண்டுமென்றே விட்டால் அது கோல், தடுப்புக் கணக்கில் சேராது. அந்தக் கீப்பரை யாராவது வாங்கிவிட்டார்களா? அல்லது மிரட்டினார்களா? அணியின் இணையதளப் படத்தில் அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். நான் சொன்னால் அவர் பெயர் கெடும். சொல்லாவிட்டால்?

பந்தயத்தை நிறுத்திவிட்டு, எங்கள் பிரிவுத் தலைவியிடம் போனேன். சென்னைக்காரி. திரையைப் பார்த்தவர் முகம் மாறியது.

“மோசடிக் கண்காணிப்புப் பிரிவுக்குச் சொல்லிட்டியா?”

“இன்னும் இல்லை அக்கா. பயமாக் கிடக்கு.”

“எனக்கும்தான். சொல்லிடு. நாம யாரையும் குத்தம் சொல்லல, பார்த்ததைச் சொல்றோம்.”

சொன்னேன். சிறிது நேரத்தில் அணிப் பட்டியல் வெளியானது. எதிரணியின் முன்வரிசை ஆட்டக்காரர் இருவரும் அதில் இல்லை. அவர்களை எடுத்துவிட்டுக் கணித்தால் எதிரணியின் அடிகள் ஒன்பதாக இறங்கின. தடுப்புகள் இரண்டளவில் நின்றன. கட்டியவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம். நிம்மதி வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

ஆட்டத்தைப் பார்த்தேன். முதல் பாதியில் மெதுவாக வந்த பந்தொன்று அந்தக் கீப்பரின் கைக்கு அடியால் நழுவி உள்ளே போனது. தலைவி கதிரையை இழுத்து என் பக்கத்தில் அமர்ந்தார்.

இரண்டாம் பாதியில், எதிராளியின் காலடியில் தலையைக் கொடுத்துப் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தார். நெற்றியில் இரத்தம். கட்டுப் போட்டுக்கொண்டு எழுந்து, இன்னும் இரண்டைத் தடுத்தார். மொத்தம் மூன்று. ‘மூன்றரைக்குக் கீழ்’ என்று கட்டியவர்கள் வென்றார்கள்.

அவர்கள் எதிரணியின் பயிற்சித் திடலுக்கு அருகே வசிக்கும் ரசிகர்கள் என்றும், அந்த இருவரும் பயிற்சிக்கு வராததைக் கண்டவர்கள் என்றும் பிறகு கண்காணிப்புப் பிரிவு சொன்னது. கீப்பர்மீது எதுவுமில்லை. அவரைப் பற்றி ஓர் அலுவலகத்தில் இருவர் நடுங்கியது அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு, யார் கையிலிருந்தும் பந்து நழுவினால் எனக்கு முதலில் வருவது பயம்தான்.