திருப்பி எழுதிய ஆங்கிலம்

அச்சுவேலியிலிருந்து வந்த அந்த ஆங்கில ரீச்சரை, நேரில் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. என்னுடைய தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்க்க ஆள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே வயிறு எரியத் தொடங்கிவிட்டது. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முழு உத்தியோக காலமும் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். என் வேலைக்கு யாரும் காவல் போட்டதில்லை.

விஷயம் ஒரு சம்மதப் படிவம். நீரிழிவால் காலில் புண் வந்தவர்களுக்கு ஒரு புதிய களிம்பைப் பூசிச் சோதிக்கும் ஆய்வு. அதில் சேருவதா இல்லையா என்று நோயாளி வாசித்து முடிவெடுக்க வேண்டிய தாள் அது. ஆங்கிலத்தில் வந்த அதைத் தமிழாக்கியவன் நான். செலவைப் பொறுப்பேற்ற வெளிநாட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. அதனால் மூலத்தைக் கண்ணாலும் காணாத ஒருவர் என் தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிறகு இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

ஆய்வை நடத்தும் வைத்தியரின் அறையில் மூன்று பேரும் இருந்தோம். அவர் இரண்டு ஆங்கிலத்தையும் ஒரே தாளில், எதிரெதிரே அச்சடித்து வைத்திருந்தார். மூன்று இடத்தில் சிவப்புக் கோடு. மூலத்தில் ‘பங்குபற்ற அழைக்கிறோம்’. ரீச்சரின் பக்கத்தில் ‘பங்குபற்றுமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்’. மூலத்தில் களிம்பு புண்ணை ஆற்றுமா என்று பார்க்கிறார்கள். ரீச்சரின் பக்கத்தில் அது ஆற்றியே விடுகிறது. மூன்றாவது இடத்தில், சேராவிட்டாலும் வழமையான சிகிச்சை கிடைக்கும் என்ற வரிக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

“இவவின்ரை ஆங்கிலம் பிழை,” என்றேன். ரீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை, வைத்தியரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“நான் மூலத்தைப் பார்க்கேல்லை சேர். நீங்கள் எழுதினதைத்தான் எழுதினனான்,” என்றார் ரீச்சர். “அறிவுறுத்தப்படுகிறீர்கள் எண்டு உங்கடை தமிழிலை கிடக்கு.”

கிடந்ததுதான். கச்சேரியில் வரும் அறிவித்தல் எல்லாம் அப்படித்தான் முடியும், என் கை பழகிவிட்டது. ஆற்றும் என்று எழுதியது நோயாளிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. சிகிச்சை கிடைக்கும் என்பதை விட்டது, அரச வைத்தியசாலையில் மருந்து கட்டுவார்கள் என்று யாருக்குத்தான் தெரியாது என்று நினைத்ததால். இதையெல்லாம் அந்த ரீச்சருக்கு முன்னால் ஒப்புக்கொள்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வைத்தியருக்கு அவசரம். “ரீச்சர், உங்கடை பக்கத்தை மூலத்துக்குக் கிட்டவாத் திருத்திவிடுங்கோவன். வெளிநாட்டுக்காரருக்கு ஆங்கிலம் மட்டுந்தானே விளங்கும்.”

“ஓம், அதுதான் சரி,” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

ரீச்சர் தாளை மேசையில் தள்ளினார். “நான் திருத்தினா ஆங்கிலம் ரண்டும் ஒத்துப்போகும். சனம் வாசிக்கிற தமிழ் அப்பிடியே கிடக்கும். என்ரை பேரை எடுத்துப்போட்டு வேறை ஆளைப் பிடியுங்கோ.” பிறகு என்னைப் பார்த்தார். “உங்கடை தமிழ் சரியெண்டா வெளியிலை இருக்கிற ஒரு ஆளுக்கு நீங்களே வாசிச்சுக் காட்டுங்கோ, பாப்பம்.”

கோபத்தில் என் தமிழ்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். படிவம் விளங்குகிறதா என்று சில நோயாளிகளிடம் பார்க்க ஏற்கெனவே அனுமதி இருந்ததால் வைத்தியரும் தடுக்கவில்லை.

கிளினிக்கின் மர வாங்கில் காலில் கட்டுடன் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கோப்பாயிலிருந்து பஸ் ஏறி வந்தவராம். இது விளங்குகிறதா என்று பார்க்கத்தான், கையெழுத்து வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டு, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பின்னால் நின்ற ரீச்சருக்குக் கேட்கட்டும் என்று குரலையும் உயர்த்தினேன்.

“விளங்கிச்சுதோ அம்மா? இதிலை சேர விருப்பமோ?”

“எனக்கு விருப்பமில்லை ஐயா. புதுசா ஒண்டும் பூசப் பயம்.” கையை நீட்டினார். “பேனையைத் தாங்கோ, எங்கை வைக்கிறது?”

“விருப்பமில்லையெண்டா ஏன் கையெழுத்து?”

“வைக்காட்டி மருந்து கட்டமாட்டினமே.”

“கட்டுவினம் அம்மா. சேராட்டிலும் வழமைபோலக் கட்டுவினம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“அப்ப அதை ஏன் உதிலை எழுதேல்லை?”