ஐந்தாவது புள்ளி

என் நாத்தனாருக்கு ஊரில் 'காய்ச்சல்காரி' என்று பெயர். பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டு எழுதும் சுகாதாரப் பணியாளர். கல்யாணம் ஆகாதவள், எங்களோடுதான் இருக்கிறாள். ஒரே கூரைக்கடியில் அவளோடு காலம் தள்ளிய என் பொறுமைக்குத்தான் விருது தர வேண்டும்.

அன்று ஊரே பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. கரும்பலகையில் நாத்தனார் ஒரு கோடு வரைந்திருந்தாள். கீழே வாரங்கள், பக்கவாட்டில் அந்தந்த வாரம் புதிதாகக் காய்ச்சல் கண்டவர்கள். மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினெட்டு என்று ஏறிய கோடு, நேற்றோடு முடிந்த ஐந்தாவது வாரத்தில் நான்குக்குத் தொப்பென்று விழுந்திருந்தது.

"அதான் இறங்கிடுச்சே, இன்னும் எதுக்கு எங்க டிரம்மைக் கவிழ்க்கணும்?" என்றார் குழாய் ரிப்பேர்க்காரர்.

ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊர். காய்ச்சல் பதிவான வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கொசுப்புழு இருக்குமென்று, சேர்த்த தண்ணீரைக் கொட்டி டிரம்மைத் தேய்த்துக் கழுவுவார்கள். நாளை அதை எல்லா வீட்டிலும் செய்யச் சம்மதம் கேட்கத்தான் கூட்டம். மாட்டோம் என்று சொல்லத்தான் நாங்கள் போயிருந்தோம்.

"இறங்கினது காய்ச்சல் இல்லை, வாய் திறந்து சொல்றவங்க எண்ணிக்கை," என்றாள். அதே வாரம் காய்ச்சல் மாத்திரை இரண்டு மடங்கு விற்றிருக்கிறது என்றாள். மருந்துக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார். உன் வேலையைக் காப்பாற்ற எங்கள் வீட்டில் நோய் தேடுகிறாயா என்று ஒருவர் கேட்டார். கதவைத் தட்டினால் விளக்குமாறுதான் என்றாள் தையல்காரி. எனக்கு உள்ளூர இனித்தது.

அவள் ஐந்தாவது புள்ளியை அழித்தாள். "இது தப்பு. எங்க அண்ணன் நாலு நாளா காய்ச்சல்ல படுத்திருக்கார். நான் எழுதலை."

எழுதாதே என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியவள் நான். வீட்டில் இருந்தது இரண்டே டிரம் தண்ணீர். அண்ணன் ஆயிற்றே என்று அவளும் மசிந்தாள். இப்போது சபை நடுவில் மானத்தை வாங்கிவிட்டு, புள்ளியை ஐந்தில் வைத்தாள். ஊருக்குத்தான் உபதேசமா என்று குழாய்க்காரர் கேட்க, அறையே சிரித்தது.

அவள் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்தவர்கள் மேல் அதைவிட. எழுந்துவிட்டேன்.

"ஆறுன்னு போடு. முந்தாநாள்லேர்ந்து எனக்கும் அடிக்குது. மாத்திரை போட்டு மறைச்சேன்." குழாய்க்காரரிடம் திரும்பினேன். "உங்க வீட்டுல எத்தனைன்னு இப்போ நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுல ரெண்டு. எழுதித் தொலை," என்றாள் தையல்காரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நாளைக்கு வந்து டிரம்மையும் கொட்டித் தொலை."

என் நாத்தனார் கரும்பலகையை விட்டு வந்து, புறங்கையை என் கழுத்தில் வைத்தாள். "ஏன் அண்ணி என்கிட்ட சொல்லலை?"

கையைத் தட்டிவிட்டேன். "முதல்ல புள்ளியை ஏத்து."